1300-இன் வர்க்கமூலமும் நானும்: நீள் வகுத்தல் முறையுடன் இருபது ஆண்டுகள்

கடலூரில் வீடு கட்டும் பணிகளுக்கு மேற்பார்வையாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவருகிறேன். எட்டாம் வகுப்பில் கற்ற கணக்குகளுள் தொழிலில் எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்தது, வர்க்கமூலத்தை இலக்கம் இலக்கமாகக் கண்டறியும் நீள் வகுத்தல் முறைதான். தேர்வில் பெரும்பாலும் 1296, 5625 போன்ற முழு வர்க்க எண்களையே கொடுப்பார்கள்; மீதி பூச்சியமாகி, கணக்கு அழகாக முடிந்துவிடும். மனையில் கோடு போடும்போது அப்படி முடியும் எண் எளிதில் அகப்படாது. ஆகவே முழு வர்க்கமல்லாத ஓர் எண்ணில் இந்த முறை எப்படி நடந்துகொள்கிறது என்பதை, நான் அதிகம் போட்ட ஒரே கணக்கை வைத்தே எழுதுகிறேன்.

இருபதுக்கு முப்பது அடிக் கட்டடத்தின் நான்கு மூலைகளையும் முளையடித்துக் குறிக்கும்போது, மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நான்கு ஐந்து என்ற சிறு முக்கோணத்தைக் கொண்டு சரிபார்ப்பது வழக்கம்தான். ஆனால் அந்தச் சிறு முக்கோணத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் பிசகு, முப்பது அடி தள்ளிப் போகும்போது பெரிதாகிவிடும். அதனால் முழுக் கட்டடத்தின் குறுக்களவையே கணக்கிட்டு டேப்புப் பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. 20-இன் வர்க்கம் 400, 30-இன் வர்க்கம் 900, கூட்டினால் 1300. இதன் வர்க்கமூலம்தான் குறுக்களவு.

தசமப் புள்ளியிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து எழுதிக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது:

```
          3  6. 0  5  5
  3   |  13 00.00 00 00
          9
 66   |   4 00
          3 96
720   |      4 00
             0 00
7205  |      4 00 00
             3 60 25
72105 |        39 75 00
               36 05 25
                3 69 75
```

முதல் ஜோடி 13. அதற்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 9 என்பதால் முதல் இலக்கம் 3, மீதி 4. அடுத்த ஜோடியை இறக்கினால் 400. இதுவரை கிடைத்த 3-ஐ இரட்டித்து 6 என்று எழுதி, அதன் வலப்பக்கம் ஓர் இலக்கத்தைச் சேர்த்து, வரும் எண்ணை அதே இலக்கத்தால் பெருக்கினால் 400-ஐத் தாண்டக் கூடாது. 66-ஐ 6-ஆல் பெருக்கினால் 396. 67-ஐ 7-ஆல் பெருக்கினால் 469. ஆகவே இலக்கம் 6, மீதி 4. இதே செயலைத்தான் கடைசிவரை திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

ஏன் இரட்டிக்க வேண்டும் என்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டும் வேலையைப் பார்த்துத்தான் எனக்கு அது விளங்கியது. ஓரடிச் சதுர டைல்கள் 1300 இருக்கின்றன, அவற்றைக் கொண்டு முடிந்த அளவு பெரிய சதுரத் தளம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முப்பதுக்கு முப்பது போட்டால் 900 டைல்கள் செலவாகி 400 மிஞ்சும். தளத்தை ஆறடி அகலம் கூட்ட வேண்டுமானால், அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் முப்பதடி நீளமுள்ள இரண்டு பட்டைகள் வேண்டும், அதனால்தான் இரட்டிப்பு. பட்டைகள் சந்திக்கும் மூலையில் ஆறுக்கு ஆறு என்று ஒரு சிறு சதுரம் காலியாக இருக்கும். வகுத்தியின் கடைசியில் அதே இலக்கத்தை ஒட்டவைப்பது அந்த மூலைக்காகத்தான். பட்டைகளுக்கு 360, மூலைக்கு 36, மொத்தம் 396. நான்கு டைல்கள் மிஞ்சுகின்றன. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு தளத்தை முப்பத்தேழாக ஆக்க 73 டைல்கள் வேண்டும் என்பதால் அங்கே நின்றுவிடுகிறோம். ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய கணிதப் பகுதியிலும் வர்க்கமூலத்துக்கு இந்த இரட்டிப்பே அடிப்படை. அவர் பட்டைகளையும் மூலையையும் ஒரே பெருக்கலில் சேர்க்காமல் இரண்டு படிகளாகக் கழிக்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். புள்ளியைத் தாண்டி அடுத்த ஜோடிப் பூச்சியங்களை இறக்கியபோது மீண்டும் 400 வந்தது. 36-ஐ இரட்டித்தால் 72. அதனுடன் ஓர் இலக்கம் சேர்த்தால் குறைந்தது 721. நானூறுக்குள் அது அடங்காது. ஆகவே இந்த இடத்துக்குரிய இலக்கம் பூச்சியம். அதை விடையிலும் எழுத வேண்டும், வகுத்தியிலும் சேர்த்து 720 ஆக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூத்தப்பாக்கம் பக்கம் ஒரு மனையில், நான் வகுத்தியில் பூச்சியத்தைச் சேர்த்துவிட்டு விடையில் எழுத மறந்துவிட்டேன். அதற்குப் பிந்தைய இலக்கங்கள் எல்லாம் சரியாகவே வந்ததால் ஐயமே எழவில்லை. விடை 36.555 என்று நின்றது. முப்பத்தாறு அடி ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு என்று சொல்லி டேப்புப் பிடிக்கச் செய்தேன். முளைகள் நான்கையும் அடித்த பிறகு மேஸ்திரி தாமாகவே எதிர்க் குறுக்கையும் அளந்து பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் முப்பத்தஞ்சரை தான் வருது. ஒரு அடி இடிக்குதே, கணக்க இன்னொரு தடவ பாருங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. இரண்டு குறுக்குகளும் சமமாக இல்லாவிட்டால் அது செவ்வகமே அன்று. கட்டடம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் பாகை சாய்ந்திருந்தது. இருபதடிச் சுவரின் முனை ஏழங்குலம் விலகி நின்றது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: இறக்கிய ஒவ்வொரு ஜோடியின் நேர் மேலே ஓர் இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே விடையை வாசிப்பேன். ஜோடிகள் ஐந்தென்றால் இலக்கங்களும் ஐந்தாகவே இருக்க வேண்டும். கட்டம்போட்ட தாளில் எழுதினால் விட்டுப்போன இடம் தானே கண்ணில் படும்.

இதற்கு அடுத்தபடியாகப் பிழை நேர்வது ஜோடி பிரிப்பதில். 12.5 என்ற எண்ணில் புள்ளிக்குப் பின் தனியாக நிற்கும் 5-ஐப் பலர் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். அதை 50 என்று நிரப்பினால் விடை 3.535, நிரப்பாமல் இறக்கினால் 12.05-இன் மூலமாகிய 3.471 கிடைக்கும். இரண்டும் பார்வைக்கு நம்பத்தகுந்தவையாகவே இருப்பதுதான் இதிலுள்ள தொல்லை.

முழு வர்க்கமல்லாத எண்ணில் மீதி ஒருநாளும் பூச்சியமாகாது. தொடக்கத்தில் இதை ஒரு குறையாக நினைத்தேன். நாளடைவில் அந்த மீதியே இம்முறையின் மிகப் பயனுள்ள பகுதி என்று தெரிந்துகொண்டேன். முதலாவதாக, எந்தப் படியிலும் மீதி, அதுவரை கிடைத்த மூலத்தின் இருமடங்கைத் தாண்டக் கூடாது. 6-க்குப் பதிலாக 5 போட்டிருந்தால் 65 ஐந்து முறை 325, மீதி 75. இது 35-இன் இருமடங்காகிய 70-ஐத் தாண்டுகிறது என்பதால் இலக்கம் சிறியது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டாவதாக, எங்கே நிறுத்தினாலும் முழுமையாக்குவதற்கு அடுத்த இலக்கத்தைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. புள்ளியை மறந்துவிட்டு மீதியையும் மூலத்தையும் முழு எண்களாக ஒப்பிட்டால் போதும்: மீதி பெரிதானால் கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும், இல்லையேல் விட்டுவிடலாம். மேலே உள்ள கணக்கில் மூலம் 36055, மீதி 36975. மீதி பெரிது, ஆகவே மூன்று தசம இடங்களுக்கு விடை 36.056. அரை கூட்டிய எண்ணை வர்க்கப்படுத்தினால், மூலத்தின் அளவுக்கே, கூடவே ஒரு கால் சேர்ந்து, வர்க்கம் கூடுகிறது என்பதுதான் இதன் காரணம். இந்த உத்தியை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. டைல்களை வைத்து யோசித்தபோது தானாகப் பிடிபட்டது.

ஒவ்வொரு படியிலும் முழு விடையையும் புதிதாக இரட்டிக்க வேண்டியதில்லை என்பதும் பழக்கத்தில் வந்த சிறு வசதி. முந்தைய வகுத்தியுடன் அதன் கடைசி இலக்கத்தைக் கூட்டினாலே அடுத்ததற்கான தொடக்கம் கிடைத்துவிடும்: 66-உடன் 6 கூட்டினால் 72, 7205-உடன் 5 கூட்டினால் 7210. இரட்டிக்கும்போது 5-ஐ 10 ஆக்கி ஒன்றை இடப்பக்கம் கொண்டுபோக மறக்கும் பிழை இதனால் எனக்கு அறவே நின்றது.

இம்முறையின் உண்மையான குறை, இலக்கம் ஏறஏற வகுத்தி நீண்டுகொண்டே போவது. ஐந்தாவது இலக்கத்துக்குள் 72105 என்று வந்துவிடுகிறது. எட்டாவது இலக்கத்துக்குப் போனால் கை சலித்துப் பிழை நுழையும். இதற்கு நான் கையாளும் வழி, பாதி இலக்கங்களுடன் இம்முறையை நிறுத்திவிட்டு மீதியைச் சாதாரணமாக வகுப்பதே. 36.05 வரை போட்டபோது மீதி, புள்ளியோடு சொன்னால், 0.3975. இதை 36.05-இன் இருமடங்காகிய 72.1-ஆல் வகுத்தால் 0.005513 கிடைக்கிறது; இரண்டையும் கூட்டினால் 36.055513. உண்மையான மதிப்பு 36.0555127 என்று தொடங்குவதால் ஆறு தசம இடங்களுக்கு இது சரி. மூலையில் விழும் அந்தச் சின்னஞ்சிறு சதுரத்தைக் கணக்கில் சேர்க்காததால் விடை எப்போதும் இம்மியளவு கூடுதலாகவே இருக்கும். ஓரிரு இலக்கங்கள் மட்டும் கிடைத்த நிலையிலேயே இப்படி வகுக்கத் தொடங்கினால் அந்தச் சதுரம் சின்னதாக இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கைப்பேசியில் வர்க்கமூலப் பொத்தான் இருக்கும்போது இது எதற்கு என்று சைட்டில் இளைஞர்கள் கேட்பதுண்டு. அவசரத்துக்கு நானும் பொத்தானைத்தான் அழுத்துகிறேன். ஆனால் பொத்தான் தரும் ஒன்பது தசம இடங்களில் எத்தனை எனக்குத் தேவை என்பதைக் கையால் போட்டுப் பழகியபோதுதான் புரிந்துகொண்டேன். மேஸ்திரியின் டேப்பில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது அடியில் ஏறத்தாழ 0.01. இரண்டு தசம இடங்களுடன் 36.06 என்று நிறுத்தினால் மிகுதி ஆறு நூலுக்கு நெருங்கிவிடுகிறது, மூன்றாக 36.056 என்று எடுத்தால் ஐந்து நூலும் கொஞ்சமும். நான்காவது இலக்கத்தைக் காட்டுவதற்கு அந்த டேப்பில் கோடே கிடையாது. ஆகவே என் குறிப்பேட்டில் இருபதுக்கு முப்பது என்ற தலைப்பின் கீழ், அந்தப் பூச்சியத்தைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, முப்பத்தாறு அடி ஐந்து நூல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.