அவட பிறந்தநாளுக்கு மூண்டு மெசேஜ் எழுதிப் பாத்தன், ஒண்டுதான் அனுப்பினன்

போன மாசம் அவட பிறந்தநாள். கெம்பஸ்ல ஒரே பேட்ச், நாலு வருசக் கூட்டாளி, எனக்கு அவவ பிடிக்கும், ஆனா அத நான் இன்னும் சொல்லல. வெறும் 'ஹேப்பி பர்த்டே' எண்டு போட்டா எல்லாரும் போடுறதோட அதுவும் சேந்து போயிரும், காதல் கடிதம் மாதிரி போட்டா பிறந்தநாளண்டே அவ எனக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டி வந்திரும். அதால மூண்டு விதமா எழுதிப் பாத்தன்.

முதலாவது ராத்திரி 12 மணிக்குப் போடுற நீளமான ஒண்டு. "என்ட வாழ்க்கைல கிடைச்ச பெரிய பரிசு நீ" எண்டு தொடங்கி பதினைஞ்சு வரி. எழுதேக்க மனசு நிறைஞ்சுதான் இருந்திச்சு, மறுகா காலைல வாசிச்சுப் பாத்தா அதுல அவவே இல்ல, பேர மாத்திட்டு ஆருக்கும் அனுப்பலாம். இன்னொரு விசயமும் இருக்கு. அவவும் தங்கச்சியும் ஒரே அறை, போன் கட்டில்லதான் கிடக்கும், பூட்டியிருந்தாலும் மெசேஜ்ட முதல் வரி ஸ்க்ரீன்ல வந்து நிக்கும். வீட்டுல ஆரும் அத வாசிச்சா பதில் சொல்லவேண்டிய ஆள் அவதான், நான் இல்ல. அனுப்பிட்டு அழிச்சாலும் 'அழிக்கப்பட்டது' எண்டு ஒரு அடையாளம் அங்க கிடக்கும், அது இன்னும் மோசம்.

ரெண்டாவது ஸ்டேட்டஸ்ல ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ போடுறது. இத நான் கன நேரம் யோசிக்கல. ஊரே பாக்கிற இடத்துல போட்டா, மற்றக் கூட்டாளிமார் "என்ன விசயம்" எண்டு கேக்கிறதுக்கும் அவதான் முகம் குடுக்கணும்.

மூண்டாவதுதான் நான் அனுப்பினது, காலைல ஏழு மணி போல:

"பிறந்தநாள் வாழ்த்துக்கள் புள்ள! இண்டைக்கு நல்லா சாப்பிடு.

கல்லடில அண்டைக்கு தோணில இருந்து துடுப்புல காத வச்சுட்டு, மீன் பாடுது பாடுது எண்டு நீ துள்ளினது ஞாபகமா? எனக்கு மீன் ஒண்டும் கேக்கல, நீ சிரிச்சதுதான் கேட்டிச்சு. எனக்கு அது காணும் எண்டு துடுப்ப உன்னட்டயே தந்துட்டன்.

இந்த முறையும் போயாவுக்குப் போவம், வாறியா?"

முதல் வரிய வேணுமெண்டுதான் சாதாரணமா வச்சன், ஸ்க்ரீன்ல தெரியுறது அதுதான், அம்மா பாத்தாலும் பரவாயில்ல. மனசுல இருக்கிறது நடுவுல ஒரே ஒரு வரிதான், அதுவும் 'நீ வடிவு' எண்டு இல்ல, நடந்த ஒரு விசயத்தோட ஒட்டி நிக்குது. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடில போயாவண்டு முழு நிலா ராவுல துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனில காத வச்சா மீன் பாடுற சத்தம் கேக்குமெண்டு எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா அண்டைக்கு அந்தத் தோணில அவக்குப் பக்கத்துல இருந்தவன் நான், அத வேற ஒருத்தரும் எழுத ஏலாது. அப்பிடி ஒரு வரி கூட்டாளிக்கும் பொருந்தும், அதுக்கு மேலயும் பொருந்தும், எப்பிடி எடுக்கிறதெண்டு அவ விரும்பின மாதிரி முடிவெடுக்கலாம்.

கடைசி வரில முதல்ல 'நீயும் நானும் மட்டும்' எண்டு எழுதி இருந்தன், வெட்டிட்டன். ஆரார் வாறதெண்டு சொல்லாம விட்டா, "ஓம், எல்லாரையும் கூப்பிடு" எண்டு அவ நோகாம விலகலாம்.

கூப்பிடுற சொல்லுலயும் கவனம் வேணும். பேட்ச்ல எல்லாரையும் கூப்பிடுற மாதிரி 'மச்சான்' எண்டு போட்டா நடுவுல இருக்கிற வரி செத்துப்போயிரும், 'மச்சாள்' எண்டா எங்கட பக்கம் அது கட்டுற முறை, பகிடிக்கு எண்டாலும் கூடிப்போயிரும். எப்பவும் கூப்பிடுற 'புள்ள'தான் சரி. திடீரெண்டு 'நீங்க' எண்டு மாறினாலும் அவ உடன கண்டுபிடிச்சிருவா.

பதில்ல என்ன பாக்கணுமெண்டா, வெறும் 'தேங்க்ஸ்' எண்டும் ரெண்டு கேக் எமோஜியும் வந்து அந்த நடு வரியத் தொடாம விட்டா, அதுதான் பதில், கேள்விக்குறி போட்டுத் திரும்பக் கேக்கக்கூடாது, நாளைக்கு வழமை மாதிரிக் கதைக்கணும். அந்த வரியவே பிடிச்சு ஏதும் கேட்டா கதை வேற.

எனக்கு பத்து மணிக்கு வந்திச்சு: "அப்ப பொய் சொல்லியா அண்டைக்கு கேக்குது எண்டு தலைய ஆட்டின? போயா எப்ப?"

கலண்டர் பாத்து திகதிய மட்டும் அனுப்பினன்.