துபாயிலிருந்து 1,500 திர்ஹாம்: கமிஷன் வாங்கும் கவுன்டரா, வாங்காத ஆப்பா?

துபாயில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் எதில் பணம் அனுப்புகிறீர்கள் என்று கேட்டால், ‘கமிஷனே இல்லாத ஆப்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது பாதிக் கணக்குதான். கமிஷன் ரசீதில் அச்சாகி வரும். ரேட்டில் கழிப்பது எங்கேயும் அச்சாகாது.

அதைக் கண்டுபிடிக்க அமீரகத்தில் சுலபமான வழி இருக்கிறது. திர்ஹாமின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டது. அன்றைய டாலர் விலையை அதால் வகுத்தால் சந்தை ரேட் வந்துவிடும். கணக்குக்காக டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹாம் சுமார் 23.14 ரூபாய். 1,500 திர்ஹாமுக்கு எதுவும் கழியாமல் போனால் 34,710 ரூபாய்.

இப்போது எக்ஸ்சேஞ்ச் கவுன்டர். ரேட் 23.05, கமிஷன் 20 திர்ஹாம், அதன்மேல் 5% வாட் சேர்த்து 21 என்போம். மீதி 1,479 திர்ஹாம்தான் மாறும். வீட்டுக்கு 34,091 ரூபாய். ஆப்பில் கமிஷன் கிடையாது, ஆனால் ரேட் 22.70. வீட்டுக்கு 34,050. இலவசம் என்று சொன்ன இடத்தில்தான் 41 ரூபாய் குறைவு!

ஆனால் இதை வைத்து கவுன்டரே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கமிஷன் தொகையோடு வளராது, ரேட்டில் போவது வளரும். இதே எண்களில் 500 திர்ஹாம் அனுப்பினால் ஆப் 309 ரூபாய் கூடுதலாகத் தரும். 3,000 அனுப்பினால் கவுன்டர் 566 ரூபாய் கூடுதல். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 1,380 திர்ஹாம். ரேட்டும் கமிஷனும் மாறினால் இந்த எல்லையும் நகரும். கமிஷன் வாங்கும் இடத்தில் மாதச் சம்பளத்தை இரண்டு தவணையாக அனுப்பினால் அந்த 21 திர்ஹாம் இரண்டு முறை போகும். அதையும் கவனியுங்கள்.

மூன்றாவது வழி, வங்கியிலிருந்து திர்ஹாமாகவே ஸ்விஃப்டில் அனுப்புவது. வீட்டுச் செலவுக்கு அனுப்பும் சிறு தொகைக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். நடுவில் இருக்கும் வங்கி தன் பங்கைக் கழிக்கலாம். ஊரில் ரூபாயாக மாற்றும்போது ரேட் அந்த வங்கியின் கையில். மாற்றுவதற்கு ஜிஎஸ்டியும் உண்டு, குறைந்தது 45 ரூபாய்.

எங்கே போனாலும் ரேட்டைத் தனியாகவும் கமிஷனைத் தனியாகவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். “நான் மொத்தமா 1,500 திர்ஹாம் தர்றேன், ஊர் அக்கவுன்ட்ல எத்தனை ரூபாய் விழும்?” என்று கேளுங்கள். ஆப்பில் முதல் முறைக்கு மட்டும் தரும் சலுகை ரேட்டை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். பணம் போனதும் ரசீதில் உள்ள ரூபாயும் வீட்டு பாஸ்புக்கில் ஏறிய ரூபாயும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் வழியிலோ ஊர் வங்கியிலோ யாரோ கழித்திருக்கிறார்கள். ரசீது எண்ணைச் சொல்லி அனுப்பிய இடத்திலேயே முதலில் விசாரிக்கலாம்.