பென்ஷன்ல பாதிய கம்யூட் பண்ணிட்டேன், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

ரிட்டையர் ஆகப் போறவங்க யாராவது இருந்தா இத படிங்க, மாசாமாசம் வர்ற பென்ஷன்ல ஒரு பகுதிய விட்டுக்கொடுத்து மொத்தமா பணம் வாங்கறதுதான் கம்யூட் பண்றது, அதுல நான் ஏமாந்தது எப்படின்னு அப்படியே எழுதுறேன். ஆலோசகர்னு சொல்லிக்கிட்டு வந்த அந்த ஆளு பேரெல்லாம் போடல, பேர் முக்கியம் இல்ல, அவர் காட்டின கணக்குதான் முக்கியம், ஏன்னா அதே கணக்க உங்ககிட்டயும் யாராவது காட்டுவாங்க.

தொகைய ரவுண்டா வெச்சிக்கறேன். எனக்கு மாசம் 1,000 பென்ஷன். அதுல பாதி, அதாவது மாசம் 500, வருஷத்துக்கு 6,000, அத விட்டுக்கொடுத்தா அதுக்கு பதிலா 72,000 மொத்தமா கைக்கு வரும்னு ஆஃபீஸ்லேருந்து லெட்டர் வந்துச்சு. 6,000ஐ 12ஆல பெருக்கினா 72,000, அந்த 12தான் கம்யூட்டேஷன் ஃபேக்டர். முடிவு சொல்ல ஒரு கடைசி தேதியும் போட்டிருந்தாங்க.

நம்ம ஆளு வீட்டுக்கே வந்தார். பேப்பர என் பக்கம் திருப்பி வெச்சி, கால்குலேட்டர்ல ஒவ்வொரு நம்பரா அமுக்கி அமுக்கி காட்டினார். "சார், 72,000ஐ என்கிட்ட குடுங்க, எட்டரை பர்சென்ட் வரும், வருஷத்துக்கு 6,120. நீங்க விட்டுக்கொடுக்கறது வெறும் 6,000. வட்டியே பென்ஷன விட ஜாஸ்தி, மொதல் அப்படியே நிக்கும்." அதோட இன்னொன்னும் சொன்னார். "சராசரி ஆயுசு 72ன்னு வைங்க, உங்களுக்கு 60, 12 வருஷத்துல கணக்கு நேராயிடும் சார், அதுக்கு மேல யார் கண்டா? நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பென்ஷன் போச்சு, இதுன்னா குடும்பத்துக்கு நிக்கும்." கேக்கும்போது ஒரு ஓட்டையும் தெரியல, நான் தலையாட்டிட்டு கையெழுத்து போட்டுட்டேன், அத திருப்பி வாங்கவும் முடியாது, எங்க ஸ்கீம்ல ஒரு தடவ கம்யூட் பண்ணா அவ்ளோதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, என்னோட ரிட்டையர் ஆன ஒரு அண்ணன் தனக்கு வந்த லெட்டர காட்டினார். விலைவாசிக்காக பென்ஷன் 3 பர்சென்ட் ஏறியிருந்துச்சு. எனக்கும்தான் ஏறியிருந்துச்சு, ஆனா மிச்சமிருந்த பாதிக்கு மட்டும். அப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, நான் வித்தது மாசம் 500 இல்ல, வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போற 500. அந்த 3 பர்சென்ட் 20 வருஷம் ஏறினா 500ங்கறது 900ஐ தாண்டிடும். அந்த ஆளு பேப்பர்ல 6,000ங்கறது கடைசி வரைக்கும் 6,000ஆவே நின்னுச்சு, நானும் கேக்கல.

அதுக்கப்புறம்தான் இந்த ஃபேக்டர எப்படி எடை போடறதுன்னு, கணக்கு தெரிஞ்ச ஒரு சொந்தக்காரர பக்கத்துல உக்கார வெச்சி கத்துக்கிட்டேன். விஷயம் ரொம்ப சிம்பிள். இனிமே வரப்போற ஒவ்வொரு வருஷ பென்ஷனையும் இன்னைக்கு மதிப்புக்கு கொண்டு வந்து கூட்டணும். பத்து வருஷம் கழிச்சு வர்ற 6,000, இன்னைக்கு கையில இருக்கற 6,000 ஆகாது, எவ்ளோ கொறைக்கணுங்கறத வட்டி விகிதம் முடிவு பண்ணும். வட்டிய ஜாஸ்தியா எடுத்தா மொத்தத் தொகை சுருங்கும், கம்மியா எடுத்தா பெருகும். ஏறாத பென்ஷன் 20 வருஷம் வருதுன்னு வைங்க, 3 பர்சென்ட்ல பாத்தா ஃபேக்டர் 15 கிட்ட வரும், 6 பர்சென்ட்ல பதினொன்னரை, 8 பர்சென்ட்ல 10கூட வராது. அதே பென்ஷன், அதே வருஷம், வட்டி மட்டும்தான் வேற. அதனால 12 நல்லதா கெட்டதான்னு தனியா சொல்லவே முடியாது, எந்த வட்டி, பென்ஷன் ஏறுமா ஏறாதா, எத்தன வருஷம், இந்த மூணும் தெரியணும்.

என் கேஸ்ல போட்டு பாத்தோம். பத்திரமா போட்டா 5 பர்சென்ட் கிடைக்கும், பென்ஷன் வருஷம் 3 ஏறும், 22 வருஷம் வாங்குவேன்னு வெச்சா நியாயமான ஃபேக்டர் 17க்கு கொஞ்சம் மேல. அதாவது ஒரு லட்சத்துக்கு மேல வந்திருக்கணும், எனக்கு வந்தது 72,000. தோராயக் கணக்குதான், உயிரோட இருக்கற வாய்ப்பையும் வருஷத்துக்கு வருஷம் சேத்து பாத்தா கொஞ்சம் மாறும், ஆனா இவ்ளோ பெரிய இடைவெளி அதுல மறையாது. 22 எங்கேருந்து வந்துச்சுன்னா, பொறந்தப்ப எதிர்பாக்கற ஆயுசுல சின்ன வயசுல போனவங்க கணக்கும் சேந்திருக்கும், 60ஐ தாண்டிட்டவன் அந்த சராசரிய விட ஜாஸ்தி நாள் இருப்பான்னுதான் எதிர்பாக்கணும். 60 வயசுக்காரனுக்கு மிச்ச ஆயுசு எவ்ளோன்னு தனி டேபிளே இருக்கு, அவர் அத எடுக்கவே இல்ல.

அப்புறம் அந்த எட்டரை. அத போட்ட ஸ்கீம்ல நுழையும்போதே 4 பர்சென்ட் புடிச்சாங்க, 72,000ல 2,880 மொத நாளே காலி, அதுக்கு மேல வருஷா வருஷம் 2 பர்சென்ட் கட்டணம். எட்டரைங்கறது நல்ல வருஷத்துல வர்றது, எனக்கு எல்லாம் போக கைக்கு நின்னது சராசரியா 5. பென்ஷன் ஏறுற மாதிரியே நானும் வருஷம் 3 பர்சென்ட் ஏத்தி ஏத்தி எடுத்தா, இந்த பணம் 14 வருஷம்கூட வராது. ஏத்தாம அதே 6,000 எடுத்தா பதினேழு பதினெட்டு வருஷம் இழுக்கலாம், ஆனா அப்ப அந்த 6,000ல என்ன வாங்க முடியும்? நாம கம்யூட் பண்ணாத்தான் அவருக்கு கமிஷன், மாசாமாசம் பென்ஷன் வாங்கினா அவருக்கு ஒரு பைசா கிடையாது, இத மொதல்லயே யோசிச்சிருக்கணும் நான்.

குடும்பத்துக்கு நிக்கும்னு சொன்னாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. எங்க ஸ்கீம்ல எனக்கப்புறம் என் வீட்டுக்காரிக்கு பாதி பென்ஷன் ஏற்கெனவே உண்டு. சில ஸ்கீம்ல அத கம்யூட் பண்றதுக்கு முந்தின தொகையிலேருந்து கணக்கு பண்ணுவாங்க, எங்களுதுல கொறைஞ்ச தொகையிலேருந்து. அதனால அவளுக்கு மாசம் 500 வரவேண்டியது 250 ஆயிடுச்சு, அவ எனக்கு ஆறு வயசு சின்னவ வேற. ஃபாரத்தோட ரெண்டாவது பக்கத்துல இது எழுதியிருந்துச்சு, அந்த ஆளு மொத பக்கத்துலயே கையெழுத்து வாங்கிட்டார்.

கம்யூட் பண்றதே தப்புன்னு சொல்லல. பெரிய வியாதி இருக்கறவங்க, கடுமையான வட்டிக்கு கடன் இருக்கறவங்க, பென்ஷன் ஏறவே ஏறாத ஸ்கீம்ல இருக்கறவங்க, குடுக்கற கம்பெனியே நிக்குமான்னு சந்தேகம் இருக்கறவங்களுக்கு கணக்கு வேற மாதிரி வரலாம், சில இடத்துல மொத்தத் தொகைக்கு வரி இல்லங்கறதும் பெரிய விஷயம். எனக்கு இதுல ஒண்ணுகூட இல்ல.

நீங்க லெட்டர் வாங்கினதும் ஆஃபீஸுக்கு எழுத்துல கேளுங்க: ஃபேக்டருக்கு எடுத்த வட்டி என்ன, பென்ஷன் ஏத்தம் அதுல சேந்திருக்கா, எனக்கப்புறம் என் துணைக்கு எந்த தொகையிலேருந்து கணக்கு, விட்டுக்கொடுத்த பகுதி என்னைக்காவது திரும்ப வருமா. பதில் வர்றதுக்கு முன்னாடி கடைசி தேதி வந்துட்டா டைம் கேளுங்க. நான் இதையெல்லாம் கேட்டது கையெழுத்து போட்டு ரெண்டு வருஷம் கழிச்சு, நாலு நாள்லயே பதில் வந்துடுச்சு.