இரண்டு லேயர் முறையோடு நாலு வருசம், ஓர் அம்மம்மாவின் கேள்வி

மட்டக்களப்பில் கல்யாண அல்பம் செய்கிற தோழி போன கிழமை கேட்டாள்: "நீ இன்னும் அந்த இரண்டு லேயர் முறையையா பாவிக்கிறாய்? நானும் பழகட்டா?" வட்சப்பில் ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. நாலு வருசமாக முகப்படங்களை இந்த ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறையில்தான் திருத்தி வந்தேன். அதன் மேல் எனக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. கோபத்துக்கு ஒரே படம்தான் காரணம். அதைச் சொன்னால் பதில் வந்துவிடும்.

செய்முறை தெரிந்ததுதான். ஃபோட்டோஷாப்பில் படத்தை இரண்டு பிரதி எடுத்து, கீழே உள்ளதை Gaussian Blur-ஆல் மங்கலாக்குகிறோம். மேலே உள்ளதில் Apply Image கொண்டு அந்த மங்கலைக் கழித்து, Linear Light என்ற கலப்பு முறையில் வைக்கிறோம். கீழ் லேயரில் நிறமும் ஒளிநிழலும் நிற்கும், மேல் லேயரில் மயிர்த்துளையும் நுண்கோடும் நிற்கும். தோலின் இழையைத் தொடாமல் நிறத்தைச் சரிசெய்யலாம் என்பதுதான் இந்த முறைக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. நானும் அதை நம்பினேன்.

போன வருசம் ஆடி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், உப்புவெளியில் இருந்து ஒரு பிள்ளை ஸ்டூடியோவுக்கு வந்தாள். வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்திருக்கிறாள். வீட்டுச் சுவரில் மாட்ட அம்மா படம் கேட்டாராம். அடையாள அட்டைக்குத் தவிர ஸ்டூடியோவில் அவள் படம் எடுத்ததே இல்லை. எடுத்து முடித்துத் திரையில் காட்டியதும் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இதில என்னென்ன மாத்தலாம்? ஆனா பாக்கிற ஆக்களுக்கு நான்தான் எண்டு தெரியோணும்."

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதிலை இன்றும் மாற்ற மாட்டேன். இரண்டு கிழமையில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம், வருசக் கணக்காகக் கூடவே இருப்பதை எடுக்கக்கூடாது. அவள் நாடியில் மூன்று பரு இருந்தது, அவை போகலாம். காற்றில் பறந்து கன்னத்தில் ஒட்டிய முடியும், புருவம் திரெடிங் செய்த இடத்துச் சிவப்பும் போகலாம். மேலுதட்டுக்கு மேலே இருந்த மச்சம் அவளுடையது, அது நிற்கவேண்டும். வலது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த காயத்தால் ஒரு சிறு இடைவெளி இருந்தது. அதை மூடச் சொல்லிக் கேட்டாள், நான் மறுத்துவிட்டேன். புருவம் அலங்காரம் மட்டும் இல்லை. 2003-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பிரபலமானவர்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் ஒருமுறை புருவங்களையும் அழித்துக் காட்டிப் பார்த்தார்கள். புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காணத்தான் பார்த்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள்.

இடது கண் சின்னதாக இருக்கிறது, அதைச் சமப்படுத்தலாமா என்றும் கேட்டாள். படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டினேன். "இப்ப சரியா இருக்கு" என்றாள். அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் அந்தத் திருப்பிய முகம்தான். வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பது திருப்பாத முகம். கண்ணைத் தொடவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். கொஞ்சம் வெள்ளையாக்கச் சொன்னதற்கு, சுவரின் பச்சை முகத்தில் அடித்திருந்ததை மட்டும் எடுத்தேன். அது போனதும் அவளுடைய சொந்த நிறமே போதும் என்றாள்.

இவ்வளவும் சரியாகத்தான் போனது. பிழை அப்புறம்தான் நடந்தது.

அன்று இரவு இரண்டு லேயரையும் பிரித்தேன். முகம் மட்டும் நிறைந்த படம் என்பதால் 8 பிக்சல் மங்கல் வைத்தேன். மேல் லேயரில் பருவை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்தேன். மேடு போய்விட்டது, சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. இந்த முறையின் தீராத எரிச்சல் இதுதான். பருவுக்கு இழையும் உண்டு, நிறமும் உண்டு. ஒன்றை இரண்டாகப் பிரித்துவிட்டதால் ஒரே பருவை இரண்டு இடத்தில் இரண்டு தடவை எடுக்கவேண்டும். ஒற்றை லேயரில் ஒரு தொடுகையில் முடிகிற வேலை இது. மறந்துவிட்டால் மேடு இல்லாத சிவப்புக் கறையாக நிற்கும். பிரின்டில் அது பருவைவிட மோசமாகத் தெரியும், தோல் நோய் மாதிரி.

சிவப்பை எடுக்கக் கீழ் லேயருக்குப் போனேன். அங்கே போனால் கை நிற்காது. லாஸோவால் ஒரு துண்டை வளைத்து, விளிம்பை மென்மையாக்கி, மங்கலைக் கொடுத்தால் திட்டுத்திட்டான தோல் நொடியில் ஒரே சீராகிவிடும். நாடியில் தொடங்கினேன். கன்னத்துக்குப் போனேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் கரைத்தேன். மூக்கின் பக்கத்து நிழல் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது, அதையும் கரைத்தேன். சிரிப்பின் மடிப்பையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் நெருக்கிப் பார்த்தேன். மயிர்த்துளை எல்லாம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து, முகம் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கும் பிடித்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்து, "தோல் தோலாவே இருக்கக்கா" என்றாள். 12க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தேன்.

நாலு நாளில் அதே சட்டத்தோடு திரும்பி வந்தாள். வீட்டில் அவளுடைய அம்மம்மா இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்து, "இது ஆருடைய பிள்ளை?" என்று கேட்டாராம். பக்கத்தில் மாட்டியிருந்த பழைய பள்ளிக்கூடப் படத்தில் அவளைச் சரியாகச் சொன்னாராம். "அம்மம்மாக்குக் கண் தெரியாதுதானே எண்டு அம்மா சொன்னா. ஆனா எனக்கு அதுக்குப் பிறகு படத்தைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். அந்த அம்மம்மாவின் கண்ணுக்கு மயிர்த்துளை தெரியாது, நுண்கோடு தெரியாது. புரை அவற்றை ஏற்கனவே மங்கலாக்கிவிட்டது. அவருக்குத் தெரிவது முகத்தின் பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும்தான், அதாவது என்னுடைய கீழ் லேயர். நான் கையை வைத்ததும் சரியாக அதில்தான். கண்குழியின் நிழல், மூக்கின் பக்கச் சரிவு, சிரிப்பின் மடிப்பு, இவை அழுக்கு இல்லை, முகத்தின் மேடு பள்ளம். அவற்றைக் கரைத்தால் எலும்பு மாறின மாதிரி. 1973-ல் லியோன் ஹார்மன் என்பவர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மட்டும் குறைத்துக் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்கள் லிங்கன் என்று கண்டுகொண்டார்கள். அதில் மயிர்த்துளை ஒன்றுகூட இல்லை. ஆளை ஆளாகக் காட்டுவது இழை இல்லை. இந்த முறையோ இழையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லி நம்மை நம்பவைத்து, ஆளைக் கரைக்கிற வசதியை விரல் நுனியில் தருகிறது. தோல் பொம்மை மாதிரி வழுவழுப்பாகப் போயிருந்தால் முதல் நிமிடத்திலேயே நிறுத்தியிருப்பேன். இழை இருந்ததால் எச்சரிக்கை வரவே இல்லை. என் கோபம் அதில்தான்.

இரண்டாவது படத்தை ஒற்றை லேயரில் செய்தேன். பரு, முடி, சிவப்பு மூன்றும் ஹீலிங் பிரஷ்ஷால் போயின. கண்ணுக்குக் கீழே கருமையை அழிக்கவில்லை. தனி லேயரில் மெல்லிய வெளிச்சத்தைச் சிறுகச் சிறுகப் பூசி, அந்த லேயரைப் பாதியாகக் குறைத்து விட்டேன். நித்திரை கொண்டு எழும்பின முகம் மாதிரி வந்தது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. சிரிப்பின் மடிப்பில் கை வைக்கவில்லை. பிறகு மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெருவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. முதல் தடவை கொடுத்ததையும் அப்படிச் சுருக்கினேன். மூன்றில் அது மட்டும் வேறு ஒரு பெண். தட்டையான முகம், அகன்ற மூக்கு. நெருக்கிப் பார்த்தபோது ஒரு நாளும் தெரியாதது, சுருக்கினபோது அரை நொடியில் தெரிந்தது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் செய்து காட்டுகிறேன். நெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியவேண்டும், சுருக்கிப் பார்த்தால் தெரியக்கூடாது. சுருக்கியும் தெரிந்தால் நான் கூடச் செய்துவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்கிறேன்.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. வியர்வை மினுக்கத்துக்கு இந்த முறையை அடிக்க வேறு ஒன்றும் இல்லை. திருமலை வெக்கையில் எட்டு மணிக்குப் பூசின பவுடர் ஒன்பது மணிக்கு இல்லை. கோணேசர் கோயிலில் கல்யாணம் முடித்து வருகிற ஒவ்வொரு மாப்பிள்ளையின் நெற்றியும் விளக்கு மாதிரி மினுங்கும். கீழ் லேயரில் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து மெல்லிசாகப் பூசினால் மினுக்கம் அடங்கும், மேலே மயிர்த்துளை உயிரோடு நிற்கும். ஹீலிங் பிரஷ்ஷால் இவ்வளவு பெரிய இடத்தை இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது. ஆனால் வெளிச்சம் முற்றாக வெளுத்துப்போன இடத்தில் இழையே பதிந்திருக்காது. அங்கே பூசினால் சாம்பல் திட்டுத்தான் வரும். இந்த நாலு வருசத்தில் நூற்றுக்கணக்கான நெற்றிகளை இந்த முறை காப்பாற்றித் தந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் தோழிக்கு என் பதில்: பழகாதே. நெற்றிக்காகத் திறக்கிற கை கன்னத்துக்குப் போகும், கன்னத்தில் இருந்து மூக்குக்குப் போகும். லேயர்களைத் தானாகப் பிரிக்கப் பதிந்து வைத்திருந்த ஆக்ஷனைப் போன மாதம் கணினியில் இருந்து அழித்துவிட்டேன். கமராவுக்குப் பக்கத்தில் ஒரு டிசுப் பெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பத்துப் படத்துக்கும் ஒருமுறை நெற்றியை ஒற்றச் சொல்கிறேன்.

முதல் பிரின்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றி இரண்டாவது படத்தைப் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அம்மம்மா அதைப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லையாம்.