சென்னை – மதுரை மின்சார காரில்: ஒரே இடத்தில் நூறு வரை போடுவதா, இரண்டு இடத்தில் எண்பது வரை போடுவதா?

தாம்பரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் இந்தத் தூரத்தை ஒரே சார்ஜில் கடக்க முடியாது. வழியில் எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எத்தனை முறை நிறுத்துவது என்பதில் மின்சார கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கட்சி, பாதி வழியில் ஒரே இடத்தில் நிறுத்தி நூறு சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு நேரே மதுரை. இன்னொரு கட்சி, உளுந்தூர்பேட்டையில் ஒன்று, திருச்சியில் ஒன்று என இரண்டு இடத்தில் எண்பது வரை மட்டும். நான் இரண்டாவது கட்சி. சார்ஜர் காலியாக இருக்கும் நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டம் உள்ள நாளில் வித்தியாசம் பெரியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகம், ஏ.சி. ஓடுகிறது, நான்கு பேர், பின்னால் பெட்டிகள் என்றால் இந்த அளவு பேட்டரி சுமார் 250 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு சதவீதத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். மணிக்கு நூறைத் தாண்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு கூடி இது சட்டென்று குறையும். உங்கள் வண்டிக்கு இந்த எண் எவ்வளவு என்பதை, கம்பெனி சொல்லும் தூரத்தை வைத்துப் பார்க்காமல், நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரே நிறுத்தக்காரருக்கு இடத்தேர்வில் சுதந்திரமே கிடையாது. நிறுத்திய இடத்திலிருந்து மதுரை வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டுமென்றால், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டரில், அதாவது உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் எங்கோ நிறுத்த வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது மீதி 20 சதவீதம். அதற்கப்புறம் மதுரைக்கு 230 கிலோமீட்டர் இருப்பதால் 92 சதவீதம் தேவை. நூறு வரை போட்டே ஆக வேண்டும். எண்பதுக்கு மேல் பேட்டரி மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும் என்பது தெரிந்ததே. 20-லிருந்து 80 வரை முக்கால் மணி நேரம் ஆனால், மீதி 20 சதவீதத்துக்கே இன்னொரு முக்கால் மணி நேரம் ஆகலாம்.

இரண்டு நிறுத்தக்காரர் 170-ஆவது கிலோமீட்டரில் உளுந்தூர்பேட்டையில் 32 சதவீதத்துடன் நிற்கிறார். 80 வரை போட 40 நிமிடம். அங்கிருந்து திருச்சி 130 கிலோமீட்டர். 28 சதவீதத்துடன் சேர்கிறார். மறுபடி 80 வரை, மறுபடி 40 நிமிடம். திருச்சி–மதுரையும் அதே 130 கிலோமீட்டர்தான். மதுரை சேரும்போதும் 28 மிச்சம் இருக்கும். மொத்த சார்ஜ் நேரம் இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு தடவை சாலையை விட்டு இறங்கி, சார்ஜர் கன்னை மாட்டி, சார்ஜர் கம்பெனியின் ஆப்பில் தொடங்கும் வேலை எனக்குக் கூடுதல், அதையும் சேர்த்தால் ஒரே நிறுத்தம் சில நிமிடம் முந்தலாம். யூனிட் விலையிலும் பெரிய மாற்றமில்லை.

அப்படியானால் ஏன் இரண்டு? சார்ஜருக்குப் போய்ச் சேரும்போது கையில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் காரணம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

சார்ஜர் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதத்தோடு நிற்பவருக்குக் காகிதத்தில் 50 கிலோமீட்டர் இருக்கிறது. பெரம்பலூர் இன்னும் 40 கிலோமீட்டர். போனால் 4 சதவீதத்தில் சேர்வார், அங்கேயும் சார்ஜரில் வேறு வண்டி நின்றால் நகர முடியாது. உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பினால் 30 கிலோமீட்டர் வந்த வழியே வீண், 8 சதவீதத்தில் போய் நிற்பார். ஆகவே அவர் வேறு வழியில்லாமல் அந்த வரிசையிலேயே நிற்பார். அவருக்கு முன்னால் மாட்டியிருப்பவரும் பெரும்பாலும் அதே திட்டத்தில் வந்தவர்தான். "அண்ணா, எண்பது ஆயிடுச்சே, எடுத்துக்கலாமா?" என்று கேட்டால், "நூறு ஆனாத்தான் தம்பி மதுரை போக முடியும்" என்பதுதான் பதில். அவர் சொல்வதும் நியாயம்தான், அவருடைய திட்டமே அப்படி. ஆனால் அந்தக் கடைசி இருபதுக்காக ஒரு கன் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொள்கிறது.

வரிசை ஏன் அதே இடத்தில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாலையில் ஓடும் மின்சார கார்களில் பெரும்பகுதி ஒரே மாதிரி பேட்டரி அளவு. எல்லோரும் இரவு வீட்டில் நூறு வரை போட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் இருபது சதவீதம் வருவது ஒரே ஐம்பது கிலோமீட்டர் பட்டையில், ஒரே அரை மணி நேரத்துக்குள். சனிக்கிழமை காலையும் பொங்கல், தீபாவளிக்கு முந்திய நாளும் அங்கே கூட்டம் சேர்வதற்கு இதுவே காரணம். அந்தப் பட்டைக்கு முன்னாலேயே ஒருமுறை மாட்டிக்கொள்பவர் அந்தக் கூட்டத்தில் கலப்பதே இல்லை.

என் திட்டத்தில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிதான் முடிவெடுக்கும் இடம். அங்கே பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆப்பைத் திறந்து உளுந்தூர்பேட்டை நிலையங்களைப் பார்க்கிறார். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. அங்கே எல்லா கன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கிட்டவே இருக்கும் விழுப்புரத்தில் 46 சதவீதத்துடன் நிறுத்தி 90 வரை போட்டுக்கொள்கிறேன். கடைசிப் பத்து கொஞ்சம் மெதுவாக ஏறும், மொத்தம் முக்கால் மணி நேரம். அங்கிருந்து திருச்சி 165 கிலோமீட்டர். 24 சதவீதத்துடன் சேரலாம். நிறுத்தங்கள் அதே இரண்டுதான், இடம் மட்டும் மாறியது. இதேபோல் பெரம்பலூர் தாண்டும்போது 52 சதவீதம் இருக்கும். திருச்சி நிரம்பியிருப்பதாகத் தெரிந்தால் பெரம்பலூரிலேயே மாட்டலாம். நூறு வரை போடும் திட்டத்தில் இப்படி இடம் மாற்ற வழியே இல்லை. விழுப்புரத்தில் நூறு போட்டாலும் மதுரைக்கு 295 கிலோமீட்டர், எட்டாது.

ஆப்பில் Available என்று இருப்பதை அப்படியே நம்பிப் போகவும் கூடாது. அது கன் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். பக்கத்தில் இரண்டு வண்டி காத்திருப்பது அதற்குத் தெரியாது. பெட்ரோல் கார் குறுக்கே நிறுத்தப்பட்டிருப்பதும் தெரியாது. நாள் முழுக்க Available காட்டும் சார்ஜர் பல நேரம் வேலை செய்யாத சார்ஜராக இருக்கும். பிளக்‌ஷேர் ஆப்பில் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டதாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும், உணவகம் அல்லது பெட்ரோல் பங்க் வளாகமாக இருந்தால் அந்த இடத்துக்கே போன் செய்து கேட்பதும் இதைவிட நம்பகமானவை.

அங்கே போய் இயந்திரம் இறந்து கிடப்பதுபோல் தெரிந்தால், கிளம்புவதற்கு முன் முன்பக்கத்தில் இருக்கும் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அது உள்ளே அமுங்கியே நிற்கும். இயந்திரத்தில் புகையோ கருகல் வாடையோ எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, சார்ஜரில் எழுதியிருக்கும் உதவி எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன பின் அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே வரும். ஓரிரு நிமிடத்தில் திரை உயிர் பெறும். சில சமயம் அவர்களே தூரத்திலிருந்து இயந்திரத்தை மறுபடி தொடக்கித் தருவார்கள்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோவாட் என்பதைவிட எத்தனை கன் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் 40 நிமிடம் போடுகிறார்கள் என்று கொள்வோம். ஒரே கன் உள்ள இடத்தில் ஒருவர் மாட்டியிருந்தால் சராசரியாக 20 நிமிடம் காத்திருக்க வேண்டும், சில சமயம் முழு 40-ம். நான்கு கன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், நான்கில் ஒன்று பத்து நிமிடத்துக்குள் காலியாக நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே நிரம்பிய நான்கு கன் நிலையம், ஒருவர் நிற்கும் ஒற்றை கன் நிலையத்தைவிட நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இரட்டை கன் இயந்திரத்தில் இரண்டு வண்டி மாட்டினால் பல இடங்களில் ஆளுக்கு முப்பதாகப் பிரிந்துவிடும். என் 40 நிமிடக் கணக்கு அந்த முப்பதை வைத்துப் போட்டதே. தனியாகக் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

ஒரே நிறுத்தம் பொருந்தும் இடமும் உண்டு. இரவு பத்து மணிக்குக் கிளம்புபவருக்கு சார்ஜர்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும், சின்னக் குழந்தை தூங்கினால் இருமுறை எழுப்ப வேண்டாம். வழியில் தெரிந்தவர் வீட்டில் மூன்று மணி நேரம் தங்குகிறீர்கள் என்றால் அங்கே 15 ஆம்பியர் பிளக்கிலேயே மணிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் ஏறும், அப்போது திட்டமே வேறு. 60, 70 யூனிட் பேட்டரிக்காரர்களுக்கு 20 சதவீதம் என்பதே 75, 85 கிலோமீட்டர், அதனால் இந்தச் சிக்கல் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை நெடுந்தூரம் நான் ஓட்டியதில்லை. கணக்குப்படி அவர்களுக்கு ஒரே நிறுத்தம் போதும் என்றுதான் தோன்றுகிறது.

திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இதே திட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் போதாது. மதுரையில் கிளம்பும்போது எல்லோரிடமும் நூறு இருக்காது. சொந்தக்காரர் வீட்டு பிளக்கில் ஏறிய அளவோடுதான் கிளம்புவார்கள், அதனால் திருச்சியிலேயே கூட்டம் தொடங்கிவிடும். மதியம் சாப்பிட்டுக் கிளம்புபவர்கள் மாலை நான்கு மணி வாக்கில் திருச்சியில் சேர்வார்கள். காலை எட்டு மணிக்கு மதுரையை விட்டால் திருச்சிக்குப் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் துவரங்குறிச்சி தாண்டும்போதே ஆப்பைப் பார்த்துவிடுங்கள். அங்கே 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருச்சியைத் தொடாமல் நேரே பெரம்பலூர் போய் மாட்டலாம்.