யூபிஎஸ்ஸுக்கு வாட், டிரான்ஸ்ஃபார்மருக்கு கேவிஏ: எங்கள் அலுவலகக் கணக்கு

யூபிஎஸ் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது கேவிஏ. எத்தனை வாட் என்பது பின்பக்க ஸ்டிக்கரில் சிறியதாக இருக்கும். கணினிகளுக்காக யூபிஎஸ் வாங்குகிறவர் அந்தச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது நேர்மாறு, அங்கே கேவிஏதான் பேசும். சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ள எங்கள் சிறிய வரைபட அலுவலகத்துக்கு இரண்டையுமே வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர், அதாவது விஏ. ஆயிரம் விஏ ஒரு கேவிஏ. அதில் உண்மையிலேயே வேலையாகவும் வெப்பமாகவும் செலவாகும் பகுதி வாட். வாட்டை விஏவால் வகுத்தால் பவர் ஃபேக்டர். அது 1 ஆக இருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றே. குறையக் குறைய, அதே வேலைக்குக் கம்பியில் அதிக மின்னோட்டம் ஓடும்.

எங்களிடம் வரைபடக் கணினிகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திரைகள். இவை தவிர கோப்புகளைச் சேமிக்கும் ஒரு சர்வர் பெட்டி, நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையில் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டக் கூடாது. 650 வாட் என்பது அது தரக்கூடிய உச்சம், இழுப்பது அல்ல. ஆகவே பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே வைக்கும் மீட்டரை மாட்டி, ரெண்டரிங் ஓடும் நேரத்தில் அளந்தோம். ஒரு கணினிக்கு 250 வாட், 260 விஏ. இப்போதைய நல்ல பவர் சப்ளைகளில் பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று இருப்பதால் இரண்டும் இவ்வளவு நெருக்கமாக வருகின்றன. திரையோ 30 வாட்டுக்கு 55 விஏ காட்டியது. அதன் சிறிய அடாப்டரில் அந்தச் சுற்று இல்லை. மின்னழுத்த அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைச் சட்டென இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். மற்ற சில்லறைக் கருவிகள் சேர்ந்து 110 வாட், 170 விஏ.

நான்கு கணினி, எட்டுத் திரை, மீதி எல்லாம் சேர்த்தால் 1350 வாட். விஏவைக் கூட்டினால் 1650. இப்படி நேராகக் கூட்டுவது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும், அது நமக்குப் பாதுகாப்பான பக்கம்.

இனி மூன்று பெட்டிகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது 2000 விஏ, 1200 வாட். கடையில் "1650தானே அண்ணே, 2 கேவிஏ தாராளம்" என்றுதான் சொல்வார்கள். விஏ கணக்கில் அது சரி. ஆனால் வாட் எல்லையை 150 தாண்டிவிட்டோம். யூபிஎஸ்ஸில் இரண்டு எல்லைகள் தனித்தனியே காவல் நிற்கின்றன. வெளியே தரும் மின்னோட்டத்துக்கு விஏ எல்லை, பேட்டரியிலிருந்து எடுக்கும் உண்மையான ஆற்றலுக்கு வாட் எல்லை. எதைத் தொட்டாலும் ஓவர்லோடுதான். கரண்ட் இருக்கும்வரை இந்த வகைச் சாதனம் சுவர் மின்சாரத்தை அப்படியே கடத்துவதால் பீப் ஒலியோடு சமாளித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் முழுச் சுமையையும் ஏற்க வேண்டிய அந்த நொடியில் அணைந்துவிடும். எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் அது இல்லை.

இரண்டாவது 3000 விஏ, 1800 வாட். தாங்கும், தவறில்லை. ஆனால் அதில் வாட் 75 விழுக்காடு நிரம்பும்போது விஏ 55 விழுக்காடுதான். அந்தக் கூடுதல் விஏவை எங்கள் கணினிகள் ஒருபோதும் கேட்காது.

மூன்றாவது 2000 விஏ, 1800 வாட், ஆன்லைன் வகை, அதாவது கரண்ட் இருக்கும்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் தருவது. நாங்கள் வாங்கியது இதையே. வாட்டில் 75 விழுக்காடு, விஏவில் 82. இரண்டு எல்லைக்கும் உள்ளேயே இருக்கிறோம். எண்ணில் சிறிய இந்தப் பெட்டி, 3 கேவிஏ பெட்டி சுமக்கும் அதே வாட்டைச் சுமக்கிறது. எப்போதும் சைன் அலையே தருவதால் பவர் சப்ளைகளும் முரண்டு பிடிப்பதில்லை. மலிவான சாதனங்கள் பேட்டரிக்கு மாறியதும் தரும் படிக்கட்டு அலையில், பவர் ஃபேக்டர் திருத்தும் பவர் சப்ளைகள் சில அணைந்துவிடுவது உண்டு. இதற்கு விலையாக மின்விசிறிச் சத்தத்தையும் சற்றுக் கூடுதல் மின்கட்டணத்தையும் ஏற்க வேண்டும்.

பேட்டரி தாங்கும் நேரமும் வாட் கணக்குதான். 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு இருந்தால் காகிதத்தில் 432 வாட்-மணி. ஆனால் இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது ஈய-அமில பேட்டரி ஏறத்தாழப் பாதியைத்தான் கொடுக்கும். 1350 வாட்டில் ஏழெட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும், வேலையைத் தொடரப் போதாது.

பெரியதாகவே வாங்கிவிடலாம் என்பவர்கள் சுவரையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 230 வோல்ட், சாதாரண சாக்கெட் 13 ஆம்பியர், ஆக 2990 வாட் வரைதான். 2700 வாட் தரும் யூபிஎஸ் முழுச் சுமையில் தன் இழப்பையும் சேர்த்துச் சுமார் 3000 வாட் இழுக்கும், பேட்டரி சார்ஜ் ஆவது அதற்கு மேல். அதற்குத் தனிச் சுற்றும் பெரிய சாக்கெட்டும் வேண்டும். அது உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை.

டிரான்ஸ்ஃபார்மர் கதை வேறு. எங்களிடம் அமெரிக்காவிலிருந்து வந்த வினைல் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. 120 வோல்ட், 4 ஆம்பியர் என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறது. அதாவது 480 விஏ. மீட்டரில் 300 வாட்தான் வருகிறது என்பதற்காக 300க்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரை வாங்கினால் அது சூடேறிக் கருகும். செப்புச் சுருளைச் சூடாக்குவது அதில் ஓடும் மின்னோட்டம், இரும்பு மையத்தைச் சூடாக்குவது மின்னழுத்தம். அந்த மின்னோட்டத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்பது அவை இரண்டுக்கும் தெரியாது. அதனால்தான் டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் விஏ அல்லது கேவிஏ எழுதுகிறார்கள். 480க்கு மேல் கால் பங்கு சேர்த்தால் 600, நாங்கள் எடுத்தது 750 விஏ. கடைகளில் வாட் மட்டும் எழுதிய மாற்றிகளும் கிடைக்கின்றன. விஏவோ ஆம்பியரோ தகட்டில் இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தராது. மின்சார அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் மோட்டார் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரை யூபிஎஸ்ஸின் பின்னால் மாட்டவும் வேண்டாம். ஸ்விட்ச் போட்ட கணத்தில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், சிறிய யூபிஎஸ் அதை ஓவர்லோடு என்றே எடுத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டருக்கும் இதே காரணத்தால் யூபிஎஸ்ஸில் இடமில்லை, அதன் ஹீட்டர் ஒவ்வொரு முறையும் ஆயிரம் வாட் அளவுக்கு எகிறும்.

என் அனுபவம் ஒற்றை ஃபேஸ் சிறிய அலுவலகத்தோடு நிற்கிறது. 400 வோல்ட் மூன்று ஃபேஸ் என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமை எப்படிப் பிரிகிறது என்ற கேள்வியும் சேரும், அதை மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள். யூபிஎஸ்ஸை மாட்டிய பிறகு, எல்லாக் கணினிகளும் கடும் வேலையில் இருக்கும்போது அதன் திரையில் வாட்டையும் விஏவையும் தனித்தனியே படித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று 85 விழுக்காட்டைத் தாண்டினாலும் ஏதாவது ஒரு கருவியை நேராகச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.