டேட்டா அனாலிசிஸ் கோர்ஸ்: கட்டிய பணம் எப்போது திரும்பி வந்தது?

ஆறு மாத ஆன்லைன் டேட்டா அனாலிசிஸ் கோர்ஸ் ஒன்றை முடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாடம் நன்றாகவே இருந்தது. இங்கே நான் பேச வந்தது அதன் வரவு செலவுக் கணக்கை.

சேரும் முன் என் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் கட்டணம் 60. வாரம் ஆறு மணி நேரம் படித்ததில் மொத்தம் 150 மணி நேரத்துக்கு மேல் போனது. அது ஓய்வு நேரம்தான் என்றாலும் இலவசம் இல்லை. அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதில் பாதி என்று மதிப்புப் போட்டால் சுமார் 50 வருகிறது. ஆக, உண்மையான முதலீடு 110.

இப்போது சம்பளம் 118. உயர்வு 18, கட்டணம் 60, நாலு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும் என்றுதான் கோர்ஸ் விற்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆனால் என் அனுபவத்தில் இருந்து, கோர்ஸ் எதுவும் படிக்காத சக ஊழியர்களும் அதே சமயத்தில் 108-க்கு வந்துவிட்டார்கள். எனக்கும் அந்த 8 எப்படியும் கிடைத்திருக்கும். கோர்ஸின் பங்கு 10 மட்டுமே. வரி போகக் கையில் நிற்பது 8. 110-ஐ 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 மாதம்.

அதுவும் உயர்வு கைக்கு வந்த நாளில் இருந்துதான். ஆறு மாதப் படிப்பு, அப்புறம் அடுத்த சம்பள மறுஆய்வு வரை ஏழு மாதக் காத்திருப்பு. பணம் கட்டிய நாளில் இருந்து எண்ணினால் 27 மாதம். கட்டணத்தைத் தவணையில் கட்டுபவர்கள் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேரும் முன் இந்த 10 எவ்வளவு இருக்கும் என்று எப்படி ஊகிப்பது? எனக்குக் கைகொடுத்த வழி இது: ஒரே அனுபவம் கேட்கும் வேலை விளம்பரங்களை எடுத்து, அந்தத் திறன் கேட்பவை ஒரு பக்கம், கேட்காதவை ஒரு பக்கம் என்று பிரித்து, இரு பக்கமும் நடுவில் நிற்கும் சம்பளத்தை ஒப்பிட்டேன். கோர்ஸ் பக்கத்தில் மின்னும் ‘அதிகபட்ச சம்பளம்’ இதற்கு உதவாது. அது ஒரே ஒருவருடையதாக இருக்கலாம். கிடைத்த வித்தியாசத்தையும் பாதியாக்கினேன், ஏனென்றால் கோர்ஸை முடிப்பதும் உயர்வு வாங்குவதும் நிச்சயமில்லை. அப்படிக் கையில் நிற்பது 8-க்குப் பதில் 4 என்று பார்த்தால், போட்ட காசு திரும்பி வர உயர்வுக்குப் பின் 28 மாதம் ஆகும்.

அத்தனை காலம் அந்தத் திறன் செல்லுபடியாகுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கோர்ஸில் கற்ற, டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் 1970-களில் பிறந்தது, இன்றும் தினமும் எழுதுகிறேன். டாஷ்போர்டு கருவிக்கான பாடங்களோ, அதன் திரை மாறியதும் பாதி பழசாகிவிட்டன. கட்டணத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்.

இப்போது அதே நிறுவனம் ‘அட்வான்ஸ்டு’ கோர்ஸுக்கு அழைக்கிறது, கட்டணம் 80. விளம்பரங்களை மறுபடி பிரித்துப் பார்த்தேன், வித்தியாசம் 3-ஐத் தாண்டவில்லை. நேரத்தைச் சேர்க்காமலே, வரியைக் கழிக்காமலே 27 மாதம் ஆகிறது. சேரவில்லை.